இரட்டை அச்சு வரைபடங்கள்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

அலுவலக ரிப்போர்ட்டுக்கும் செய்திக்கும் வரைபடம் தயாரிப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இரட்டை அச்சுக்குப் பதிலாக, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தனிக் கட்டம், அதாவது பேனல், வைத்து மேலும் கீழுமாக அடுக்குங்கள் என்பதே நான் வழக்கமாகச் சொல்வது; பல கேள்விகள் அதைப் பற்றியவை. கேள்விகள் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இருக்கின்றன. முதல் சில கேள்விகளில் வரும் ஓர் எடுத்துக்காட்டைப் பின்னாலும் பயன்படுத்துவதால், வரிசையாகப் படித்தால் எளிது.

இரட்டை அச்சு வரைபடம்னா எது? எக்செல்ல Secondary Axis-னு ஒண்ணு வருதே, அதுவா?

அதேதான். ஒரே கட்டத்துக்குள் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்றை இடப்பக்க அச்சில் படிக்க வேண்டும், மற்றதை வலப்பக்க அச்சில். கிடைமட்ட அச்சு, பெரும்பாலும் ஆண்டோ மாதமோ, இரண்டுக்கும் பொது. இடப்பக்கம் ரூபாய், வலப்பக்கம் சதவீதம் என்று வருவது வழக்கம்.

இரண்டு எண்வரிசைகளில் ஒன்று லட்சக்கணக்கிலும் மற்றது ஒற்றை இலக்கத்திலும் இருந்தால், ஒரே அச்சில் சின்னது தரையோடு தரையாகப் படுத்துவிடும். அதைத் தூக்கி நிறுத்தத்தான் பலரும் அந்தப் பொத்தானைத் தேடிப் போகிறார்கள். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் தொடங்குவதில்லை.

அதுல என்ன தப்பு? ரெண்டு பக்கமும் எண் எழுதியிருக்கே, பார்த்துப் படிச்சுக்கலாமே?

எண்களைப் பார்த்துப் படிப்பவர் குறைவு. ஒரு கட்டத்தில் இரண்டு கோடுகளைப் பார்த்ததும் கண் மூன்று விஷயங்களை உடனே எடுத்துக்கொள்கிறது. எது மேலே இருக்கிறது, எங்கே வெட்டிக்கொள்கின்றன, எது செங்குத்தாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது. ஒரே அச்சு உள்ள வரைபடத்தில் இந்த மூன்றும் தரவிலிருந்து வருபவை. இரட்டை அச்சில் அப்படியில்லை. அச்சு எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிய வேண்டும் என்று வரைந்தவர் முடிவு செய்ததிலிருந்து வருபவை.

எண்களை எவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்தாலும் இது மாறாது. நூறு ரூபாய் எப்போது ஐந்து சதவீதத்தைவிடப் பெரியது என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் அந்தப் படம் ஒரு பதிலைக் காட்டிவிடுகிறது.

சும்மா சொன்னா புரியல. ஒரு உதாரணத்தை எண்ணோட காட்டுங்க.

இணையத்தில் ரொம்பப் புகழ்பெற்ற ஒரு ஜோடியை எடுப்போம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆயிரம் பேருக்கு எத்தனை விவாகரத்து என்பது ஒன்று. அமெரிக்காவில் ஆளுக்கு ஆண்டுக்கு எத்தனை பவுண்டு மார்ஜரின் என்ற வெண்ணெய் மாற்றைச் சாப்பிட்டார்கள் என்பது இன்னொன்று. போலித் தொடர்புகளைத் தேடித் தேடிச் சேர்த்த டைலர் விஜென் இதைப் பிரபலமாக்கினார். 2000இல் விவாகரத்து விகிதம் 5.0, 2009இல் 4.1. மார்ஜரின் அதே காலத்தில் 8.2இலிருந்து 3.7க்கு இறங்கியது.

முதலில் விவாகரத்து அச்சை 4 முதல் 5 வரையும், மார்ஜரின் அச்சை 3 முதல் 8.5 வரையும் வையுங்கள். இரண்டு கோடும் கட்டத்தின் உச்சியை ஒட்டித் தொடங்கி, அடிப்பக்கத்தை ஒட்டி முடியும். அண்ணன் தம்பி மாதிரி கூடவே வரும். பார்ப்பவர் “ரெண்டும் ஒரே அளவு குறைஞ்சிருக்கு” என்றுதான் நினைப்பார்.

இப்போது விவாகரத்து அச்சை 0 முதல் 6 வரை, மார்ஜரின் அச்சை 0 முதல் 10 வரை மாற்றுங்கள். இரண்டும் கட்டத்தின் உயரத்தில் 80 சதவீதத்தைத் தாண்டி, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் தொடங்கும். ஆனால் விவாகரத்துக் கோடு 68 சதவீத உயரத்தில் முடியும், மார்ஜரின் 37க்கு இறங்கிவிடும். ஒன்றாகப் புறப்பட்டுப் பிரிந்துபோன கதை. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. உண்மையில் விவாகரத்து குறைந்தது 18 சதவீதம், மார்ஜரின் குறைந்தது 55 சதவீதம். முதல் படம் இந்த வித்தியாசத்தை முழுசாக மறைத்துவிட்டது.

அப்ப ரெண்டு அச்சையும் பூஜ்யத்துல தொடங்கிட்டா பிரச்சினை தீர்ந்துடும்தானே?

பாதிதான் தீரும். மேலே பார்த்த இரண்டாவது படம் முதலாவதைவிட நேர்மையானது, சந்தேகமில்லை. ஆனால் அச்சுக்கு இரண்டு முனைகள் உண்டு. கீழ்முனையைப் பூஜ்யத்தில் கட்டிப்போட்டாலும் மேல்முனை உங்கள் கையில்தான் இருக்கிறது.

விவாகரத்து அச்சை 0 முதல் 6 என்றே வைத்துக்கொண்டு, மார்ஜரின் அச்சை மட்டும் 0 முதல் 30 வரை நீட்டிப் பாருங்கள். விவாகரத்து 0.9 குறைந்தது, அது 6இல் 15 சதவீதம். மார்ஜரின் 4.5 குறைந்தது, அது 30இல் 15 சதவீதம். ஆகவே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் இரண்டும் சரியாக ஒரே அளவு இறங்கும், ரயில் தண்டவாளம் போல இணையாகத் தெரியும். இரண்டு அச்சும் பூஜ்யத்தில்தான் தொடங்குகின்றன. “பூஜ்யத்தில் தொடங்கினேன், நான் சரியாகத்தான் வரைந்தேன்” என்று ஒருவர் வாதிடவும் முடியும்.

ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடம்தானே செய்தியே? அதைக் காட்டாம எப்படி?

இரு கோடுகளுக்கும் ஒரே அலகு இருந்து, ஒரே அச்சில் வரைந்திருந்தால் வெட்டும் இடம் செய்திதான். ஏற்றுமதியும் இறக்குமதியும் ஒரே அச்சில் வெட்டிக்கொண்டால், பற்றாக்குறை உபரியாக மாறிய தருணம் அது. அலகு வேறாக இருந்தால் அந்த இடத்துக்கு அர்த்தமே இல்லை.

மெய்ன் எடுத்துக்காட்டையே பாருங்கள். விவாகரத்து 4 முதல் 5, மார்ஜரின் 0 முதல் 10 என்று வைத்தால் இரண்டும் 2001இல் சந்திக்கும், 4.7 என்பதும் 7.0 என்பதும் கட்டத்தில் ஒரே உயரம். மார்ஜரின் அச்சை மட்டும் 2 முதல் 12 என்று நகர்த்தினால் வெட்டும் இடம் 2003க்கும் 2004க்கும் நடுவே போய்விடும். “2001இல் என்ன நடந்தது?” என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம், ஆனால் நடந்தது அச்சில் மட்டும்தான்.

இதைவிட மோசமான வகை, ஒரே அலகு இருந்தும் இரண்டு அளவுகோல்களில் வரைவது. 2015 செப்டம்பர் 29 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையில், ‘பிளான்டு பேரன்ட்ஹுட்’ என்ற இனப்பெருக்க நலச் சேவை அமைப்பைப் பற்றிக் குழுத் தலைவர் ஜேசன் சாஃபெட்ஸ் ஒரு படத்தைக் காட்டினார். புற்றுநோய்ப் பரிசோதனை, தடுப்புச் சேவைகள் 2006இல் 20,07,371, 2013இல் 9,35,573. கருக்கலைப்புகள் 2,89,750இலிருந்து 3,27,000. படத்தில் ஒரு அம்பு கீழே இறங்க, இன்னொன்று மேலே ஏற, இரண்டும் குறுக்கே வெட்டின. 3,27,000 என்ற எண் 9,35,573க்கு மேலே இருந்தது. அச்சே வரையவில்லை, ஆனால் இரண்டு அம்புகளும் வெவ்வேறு அளவுகோலில் இருந்தன. இரண்டும் எண்ணிக்கைதான், ஒரே அச்சில் வரைந்திருந்தால் கோடுகள் வெட்டியே இருக்காது, 2013இலும் மேல்கோடு கீழ்க்கோட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயரத்தில் இருந்திருக்கும். சேவைகள் பாதிக்கு மேல் குறைந்ததும் உண்மை, மற்றது சுமார் 13 சதவீதம் கூடியதும் உண்மை. ஒன்றை மற்றது முந்தியது என்பது மட்டும் உண்மை இல்லை.

மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பேனல் போட்டா மட்டும் என்ன மாறும்? அதுலயும் ரெண்டு அளவுதானே?

சரியான கேள்வி. அளவுகள் இரண்டுதான், அது மாறாது. ஆனால் கோடுகள் ஒரே கட்டத்தில் இல்லாததால் வெட்டும் இடம் என்ற ஒன்று இல்லாமல் போகிறது. இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள இடைவெளி விரிகிறதா சுருங்குகிறதா என்ற தேடலும் போய்விடுகிறது. இரண்டாம் கேள்வியில் சொன்ன மூன்றில் முதல் இரண்டு பொய்களுக்கு இங்கே இடமே இல்லை.

மூன்றாவது, அதாவது சரிவு, பேனலிலும் அச்சைப் பொறுத்ததுதான். இதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு பேனலுக்கும் தன் அச்சு தன் பக்கத்திலேயே இருப்பதால், வாசகர் எந்தக் கோடு எந்த அச்சு என்று தேடாமல் எண்ணைப் படிக்கிறார். சரிவை ஒப்பிடுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் பேனல் போதாது. அதற்கு வேறு வழி கீழே வருகிறது.

பேனல் எதற்கு நன்றாக வேலை செய்யும் என்றால், காலத்துக்கு. எப்போது திரும்பியது, எது முதலில் அசைந்தது, எத்தனை மாதம் கழித்து மற்றது அசைந்தது என்பதை மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு இழுத்துப் பார்த்துவிடலாம். மெய்ன் எண்களை இப்படி அடுக்கினால், இரண்டும் 2005இல் ஒரு தாழ்வைத் தொட்டு 2006இல் லேசாக ஏறியது தெரியும்.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஆகாதா? ஸ்லைடு அகலமா இருக்கு.

கிடைமட்ட அச்சு காலம் என்றால் ஆகாது. பக்கம் பக்கமாக வைத்தால் 2005 இடப்படத்தில் ஓரிடத்திலும் வலப்படத்தில் வேறிடத்திலும் இருக்கும். கண் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். மேல்கீழாக வைத்தால் 2005 ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும். கைபேசித் திரையிலும் மேல்கீழ்தான் பொருந்தும்.

நீரியல் பொறியாளர்கள் இதை ரொம்ப காலமாகச் செய்துவருகிறார்கள். மழையைக் கட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து தலைகீழாகத் தொங்கும் பட்டைகளாகவும், ஆற்றின் ஓட்டத்தை அடியில் கோடாகவும் வரைவார்கள். கறாராகப் பார்த்தால் அது இரட்டை அச்சுதான். ஆனால் பட்டையும் கோடும் ஒன்றையொன்று தொடாத மாதிரி இடம்விட்டு வைப்பதால் நடைமுறையில் அது இரண்டு பேனல். அவர்களுக்கு வேண்டியது மழை உச்சத்துக்கும் வெள்ள உச்சத்துக்கும் நடுவே உள்ள நேரம் மட்டுமே. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டதைப் பற்றிய விவாதமும் நேரத்தைப் பற்றியதுதான்: மழை எப்போது கூடியது, திறப்பை எப்போது கூட்டினார்கள். மழை மில்லிமீட்டரில், திறப்பு கன அடியில். இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் பின்னிப் போட்டால் “திறப்பு மழையை மிஞ்சிவிட்டது” என்ற அர்த்தமற்ற வாசகம் தானாகவே முளைக்கும்.

ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு காட்டத்தான் ஒரே கட்டத்துல போடறேன். பிரிச்சா அது போயிடுமே?

தொடர்பைக் காட்டுவதுதான் வேலை என்றால், ஒன்றைக் கிடைமட்ட அச்சிலும் மற்றதைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளிப்படம் வரையுங்கள். ஆண்டுக்கு ஒரு புள்ளி. அதில் அச்சை எப்படி நீட்டினாலும் புள்ளிகள் ஒரு கோட்டில் விழுகின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்பது பெரிதாக மாறாது.

ஒரு எச்சரிக்கை. மெய்ன், மார்ஜரின் ஜோடியின் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் எண், 0.99; 1 என்றால் முழுப் பொருத்தம். இது இரட்டை அச்சின் தந்திரம் இல்லை. கெழு அச்சைப் பொறுத்து மாறாது, ஆகவே புள்ளிப்படத்திலும் புள்ளிகள் அழகாக வரிசையில் நிற்கும். இரண்டும் இறங்கிக்கொண்டே போன எண்கள் என்பதால்தான் இப்படி வருகிறது என்று சொல்லி, ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பல ஜோடிகள் அதில் உடைந்துபோகும். ஆனால் இந்த ஜோடியில் மாற்றங்களை எடுத்தாலும் கெழு 0.93 வருகிறது! ஆயிரக்கணக்கான எண்வரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தேடினால் இப்படிச் சில தற்செயலாகக் கிடைக்கத்தான் செய்யும், வெறும் பத்து ஆண்டுத் தரவு என்றால் இன்னும் எளிது. காரணம் இருக்கிறதா என்ற கேள்விக்கு எந்த வரைபட வகையும் பதில் சொல்லாது. நல்ல வரைபடம் இல்லாத ஒன்றைச் சேர்க்காமல் இருக்கும், அவ்வளவுதான்.

எது வேகமா வளர்ந்துச்சுன்னு காட்டணும். அதுக்கு என்ன பண்றது?

தொடக்க ஆண்டை 100 என்று வைத்து இரண்டையும் குறியீட்டெண்ணாக மாற்றி, ஒரே அச்சில் வரையுங்கள். விவாகரத்து 100இலிருந்து 82க்கு வரும், மார்ஜரின் 100இலிருந்து 45க்கு. அலகு இரண்டுக்கும் ஒன்றே ஆகிவிட்டதால் இப்போது சரிவை ஒப்பிடலாம்.

2014 பிப்ரவரி வாக்கில் பங்குச்சந்தை வட்டாரத்தில் ஒரு படம் பரவியது. 1928-29இல் டவ் ஜோன்ஸ் குறியீட்டின் பாதையை ஒரு அச்சிலும், 2012 நடுவிலிருந்து 2014 தொடக்கம் வரையான பாதையை இன்னொரு அச்சிலும் வைத்து, இரண்டும் ஒட்டிக்கொண்டு போவதைக் காட்டி, அடுத்து 1929 போலச் சரிவுதான் என்று பயமுறுத்தினார்கள். 1928 தொடக்கத்தில் 200ஐ ஒட்டி இருந்த டவ், 1929 செப்டம்பர் 3 அன்று 381 ஆனது; கிட்டத்தட்ட 90 சதவீத ஏற்றம். 2012 நடுவில் 13,000க்குக் கொஞ்சம் கீழே இருந்தது 2013 முடிவில் 16,576. ஏற்றம் 30 சதவீதத்தை ஒட்டியதுதான். 100இல் தொடங்கி ஒரே அச்சில் போட்டால் ஒன்று 190ஐ நோக்கிப் போகும், மற்றது 130ஐத் தொடாமல் நிற்கும். ஒற்றுமை எங்கே? சரிவும் வரவில்லை. 2014ஆம் ஆண்டை டவ் 17,823இல் முடித்தது.

குறியீட்டெண்ணுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. அடிப்படை ஆண்டில் எல்லாக் கோடுகளும் 100இல் சந்தித்தே தீரும். அது நாம் வைத்த சந்திப்பு. மெய்ன் எண்களுக்கு 2000க்குப் பதில் 2005ஐ அடிப்படையாக வைத்தால், 2000இல் மார்ஜரின் 205, விவாகரத்து 122 என்று படம் வேறு மாதிரி தெரியும். விசேஷமான ஆண்டை, அதாவது அதிகம் தாழ்ந்த அல்லது உயர்ந்த ஆண்டை, அடிப்படையாக எடுக்காதீர்கள். லாப நஷ்டம் போலப் பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்களுக்கும், செல்சியஸ் வெப்பநிலைக்கும் இந்த முறை பொருந்தாது. 20 டிகிரி 10 டிகிரியைவிட இரு மடங்கு சூடு இல்லையே. அங்கெல்லாம் பேனல்தான்.

பார் ஒண்ணு, அது மேல கோடு ஒண்ணு. இது பரவாயில்லைதானே? எல்லா கம்பெனி ரிப்போர்ட்லயும் இருக்கே.

இரண்டு கோடுகளைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, ஏனென்றால் எது எந்த அச்சு என்ற குழப்பம் குறைகிறது. விற்பனை பட்டையாகவும் லாப சதவீதம் கோடாகவும் வரும் அந்த வகை. ஆனால் கோடு பட்டைகளின் தலைக்கு மேலே மிதக்கிறதா, உள்ளே புதைகிறதா என்பதை வலது அச்சுதான் முடிவு செய்கிறது. மிதந்தால் “லாபம் நன்றாக இருக்கிறது” என்ற உணர்வு வரும், புதைந்தால் எதிர்மாறு.

பட்டை பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும், கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே இரண்டுக்கும் வேறு வேறு விதி உள்ள ஒரே கட்டம் இது. சதவீதம் ஐந்தாறு எண்கள்தான் என்றால், கோட்டையே தூக்கிவிட்டு ஒவ்வொரு பட்டையின் கீழும் அந்த எண்ணை எழுதிவிடுங்கள். அதிகம் என்றால் மேலே சின்னதாக ஒரு கோட்டுப் பேனல்.

இரட்டை அச்சு சரியா இருக்கிற இடமே கிடையாதா?

உண்டு. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே ஏற்கெனவே ஒரு சமன்பாடு இருந்தால் தாராளமாகப் போடலாம். ஒரு பக்கம் செல்சியஸ், மறுபக்கம் ஃபாரன்ஹீட் என்பது ஒரே கோட்டுக்கு இரண்டு பெயர். அதில் ஏமாற்ற எதுவும் இல்லை. பரேட்டோ வரைபடமும் அப்படியே: இடப்பக்கம் புகார் எண்ணிக்கை, வலப்பக்கம் திரண்ட சதவீதம். மொத்தப் புகார் 80 என்றால் இடப்பக்க 80உம் வலப்பக்க 100 சதவீதமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மென்பொருள் தானாக வலது அச்சை 120 சதவீதம் வரை நீட்டிவிட்டால் அந்த இணைப்பு அறுந்துவிடும். கையால் 100இல் நிறுத்துங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தாவரவியலாளர்கள் வரையும் வால்ட்டர்-லீத் காலநிலைப் படம். வெப்பநிலையும் மழையும் ஒரே கட்டத்தில், ஆனால் 10 டிகிரிக்கு 20 மில்லிமீட்டர் என்று விகிதம் நிலையானது. அதனால் மாத மழை, வெப்பநிலையைப் போல் இரு மடங்குக்குக் கீழே போனால் அது வறண்ட மாதம் என்று கணக்கு. சென்னைக்கு வரைந்தால் மார்ச்சில் வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டி இருப்பதால் 56 மில்லிமீட்டர் மழை வேண்டும். வருவதோ சில மில்லிமீட்டர். மழைக்கோடு வெகு கீழே கிடக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை அதை எங்கேயோ தூக்கிக்கொண்டு போகும். 100 மில்லிமீட்டருக்கு மேல் அளவுகோலைச் சுருக்குவதும் விதியிலேயே இருக்கிறது. இங்கே கோடுகள் வெட்டும் இடத்துக்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் விகிதத்தை வரைபவர் தேர்ந்தெடுக்கவில்லை.

பைத்தான்ல twinx() ஒரு வரியில வருது. பேனல் போட நிறைய எழுதணுமா?

கிட்டத்தட்ட அதே நீளம்தான். `sharex=True` என்பதுதான் முக்கியம். அது இரு பேனல்களின் ஆண்டையும் ஒரே செங்குத்துக் கோட்டில் பூட்டிவிடுகிறது.

```python
import matplotlib.pyplot as plt
y = range(2000, 2010)
d = [5.0, 4.7, 4.6, 4.4, 4.3, 4.1, 4.2, 4.2, 4.2, 4.1]
m = [8.2, 7.0, 6.5, 5.3, 5.2, 4.0, 4.6, 4.5, 4.2, 3.7]
fig, (a, b) = plt.subplots(2, 1, sharex=True, figsize=(6, 6))
a.plot(y, d); a.set_ylim(0, 6)
b.plot(y, m); b.set_ylim(0, 10)
plt.show()
```

ஆர் மொழியில் ggplot2 பயன்படுத்துபவர்கள் “ஏன் சுலபமாக வரமாட்டேன் என்கிறது” என்று புலம்புவார்கள். அது வேண்டுமென்றே அப்படி இருக்கிறது. அதில் இரண்டாம் அச்சு முதல் அச்சின் சமன்பாடாக மட்டுமே வரும், `sec_axis(~ . * 1.8 + 32)` என்பதுபோல. தொடர்பில்லாத இன்னொரு எண்வரிசையை ஏற்ற வேண்டுமென்றால் நீங்களே அதைப் பெருக்கி வகுத்துப் பொருத்த வேண்டும். அப்போது நீங்கள் தேர்ந்தெடுத்த எண் நிரலிலேயே அப்பட்டமாகத் தெரியும்.

எக்செல்ல பேனல்னு ஒண்ணும் இல்லையே?

இல்லை. இரண்டு தனித்தனி வரைபடங்கள் செய்து, ஒரே அகலம் கொடுத்து, ஒன்றின்கீழ் ஒன்றாக Align Left செய்யுங்கள். மேல் வரைபடத்தில் ஆண்டுப் பெயர்களை நீக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

இதில் எல்லாரும் வழுக்கும் இடம் ஒன்று. வெளிச்சட்டம் சமமாக இருந்தாலும் உள்ளே கோடு வரையும் பகுதி சமமாக இருக்காது. ஒரு அச்சில் “5” என்றும் மற்றதில் “12,000” என்றும் இருந்தால், நீளமான எண் இடத்தை அடைத்து அந்தக் கட்டத்தை வலப்பக்கம் தள்ளிவிடும். 2005 மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று ஆகிவிடும். ஆயிரத்தில் அல்லது லட்சத்தில் காட்டி எண்களின் நீளத்தைச் சமமாக்குங்கள், இல்லையென்றால் உள்கட்டத்தைக் கையால் இழுத்துச் சரிசெய்யுங்கள். கடைசியில் மேலிருந்து கீழ்வரை ஒரு செங்குத்துக் கோடு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாசகரா ஒரு படத்தைப் பார்க்கும்போது எப்படிச் சுதாரிக்கிறது?

ஒவ்வொரு கோட்டின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் படித்து, எத்தனை சதவீதம் மாறியது என்று தோராயமாகப் போடுங்கள். டவ் படத்துக்கு மேலே செய்தது அதுதான். இரண்டு சதவீதங்களும் வெகுவாக வேறுபட்டும் கோடுகள் ஒட்டிப் போனால், ஒட்டவைத்தது அச்சு.

அப்புறம், கோடுகளில் ஒன்றை மனசுக்குள் ஒரு விரல்கடை மேலே தள்ளிப் பாருங்கள். தலைப்பு அப்போதும் பொருந்துகிறதா? “முந்தியது”, “இடைவெளி விரிந்தது”, “சந்தித்தன” என்ற சொற்கள் தலைப்பில் இருந்தால் பொருந்தாது.

எடிட்டர் ஒத்துக்க மாட்டேங்கறார். இடம் இல்ல, ஒரே கட்டம்தான்னு சொல்றார்.

இரண்டு பேனலுக்கு இரு மடங்கு இடம் வேண்டாம். ஒவ்வொன்றையும் பாதி உயரத்தில் வைத்தால் மொத்த இடம் அதேதான். காலக் கோடுகள் தட்டையாக இருந்தாலும் திருப்பங்கள் தெரியும். இதைச் செய்தே காட்டினால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

அப்படியும் முடியாது என்றால், கோடுகள் வெட்டாதபடி அச்சுகளை வையுங்கள், ஒன்று மேல்பாதியில் மற்றது கீழ்பாதியில். கோட்டின் நிறமும் அதன் அச்சு எண்களின் நிறமும் ஒன்றாக இருக்கட்டும். நிறம் எந்தக் கோடு எந்த அச்சு என்பதைத்தான் சொல்லும், நான்காம், ஐந்தாம் கேள்விகளில் பார்த்த கோளாறு எதையும் தீர்க்காது என்பதையும் மறக்க வேண்டாம். குறுக்குக் கோடுகள் எந்த அச்சுக்குச் சொந்தம் என்று தெரியவில்லை என்றால் அவற்றை எடுத்துவிடுங்கள்.

மேல் பேனல் பூஜ்யத்துல, கீழ் பேனல் 4-ல தொடங்கலாமா? அப்ப பேனலும் ஏமாத்துமே?

ஏமாற்றும். விவாகரத்தை மட்டும் 4 முதல் 5 வரை காட்டி, மார்ஜரினை 0 முதல் 10 வரை காட்டினால், 18 சதவீத இறக்கம் 55 சதவீத இறக்கத்தைவிடப் பயங்கரமாகத் தெரியும். கோடுகள் தனித்தனிக் கட்டத்தில் இருப்பதால் வாசகர் ஒப்பிடமாட்டார் என்று நம்பக் கூடாது. மேலும் கீழுமாக வைத்தாலே ஒப்பிடத்தான் செய்வார்.

நான் பார்க்கும் விதம் இது. செய்தி காலத்தைப் பற்றியது என்றால், அதாவது எது முதலில் திரும்பியது என்றால், தொடக்கம் வேறாக இருப்பதில் பாதகம் குறைவு. சின்ன அசைவுகள் தெரிய 4இல் தொடங்கியே ஆக வேண்டியிருக்கும். அந்த அச்சின் ஓரத்தில் பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்று எழுதிவிடுங்கள். செய்தி அளவைப் பற்றியது என்றால் இரண்டையும் பூஜ்யத்தில் தொடங்குங்கள். அதோடு, அச்சின் மேல்முனை தொடக்க எண்ணைப் போல் எத்தனை மடங்கு என்பதும் இரண்டு பேனலிலும் சமமாக இருக்கட்டும். மெய்ன் எண்களுக்கு 0 முதல் 6, 0 முதல் 10 என்பது தற்செயலாக அதற்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டும் தொடக்க எண்ணைப் போல் சுமார் 1.2 மடங்கு. அப்படி வைத்தால் ஒரே உயரமுள்ள இரு பேனல்களில் சரிவும் சதவீத மாற்றமும் ஏறக்குறைய பொருந்திப் போகும்.